பன்னிரண்டால் வகுபடாத ஆண்டு
ஏற்காட்டு விடுதிகளின் வரவு செலவுத் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையும் பிரயாணி, அங்கே எந்த மாதத்தில் வந்து சேர்கிறான் என்பதைப் பொறுத்து இருவேறு ஊர்களைக் காண்கிறான். மே மாதத்துச் சனிக்கிழமை மாலையில் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைபவனும், ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையன்று மூடுபனிக்கிடையே அதே கரையில் தனியாக நடந்து செல்பவனும் ஒரே ஊரைத்தான் பார்க்கிறார்கள் என்றால் நம்புவது கடினம். ஆனால் அவ்வூரில் தங்கும் விடுதி நடத்துகிறவருக்கு இவ்விரண்டும் ஒரே ஆண்டின் இரு பக்கங்கள். ஒரே சம்பளப் பட்டியலைக் கொண்டு, ஒரே கட்டடத்தைக் கொண்டு, இரண்டையும் அவர் சமாளித்தாக வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை முன்கூட்டியே எண்ணால் எழுதிவைப்பதே விடுதியின் ஆண்டு வரவு செலவுத் திட்டம். எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை மாதந்தோறும் விசாரித்து அறிவதே அத்திட்டத்தின் பிரயோஜனம்.

சேர்வராயன் மலைக்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷமான இக்கட்டு உண்டு. நம் நாட்டில் கணக்காண்டு ஏப்ரல் முதல் தேதியில் பிறக்கிறது. ஏற்காட்டின் பருவமும் ஏப்ரலில்தான் பிறக்கிறது. ஆண்டின் மிகப் பெரிய வருமானம் முதல் இரண்டு மாதங்களிலேயே வந்து முடிந்துவிடுவதால், திட்டம் தவறியிருப்பதை ஆகஸ்டில் கண்டுபிடிக்கும் நிர்வாகிக்கு அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு மே மாதம் அவ்வாண்டில் கிடையாது. ஆகவே இம்மலையில் திட்டம் ஜனவரியில் தொடங்கி, கட்டணங்கள் பிப்ரவரிக்குள் தீர்மானிக்கப்பட்டு, கோடைக்கான முன்பதிவுகள் வரத் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும்.

வருமானத்தை இரவுகளாக எண்ணுதல்

சென்ற ஆண்டு வருமானத்தோடு நூற்றுக்குப் பத்தைக் கூட்டி இவ்வாண்டின் வருமானம் என்று எழுதிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இதில் உள்ள குற்றம், அந்தப் பத்து எங்கிருந்து வரும் என்பதை அது சொல்லாமையே. விடுதி விற்பது அறையின் ஓர் இரவை. விற்காமல் கழிந்த இரவை மறுநாள் விற்க முடியாது. எனவே வருமான அனுமானம் இரவுகளிலிருந்தே தொடங்க வேண்டும்: எத்தனை இரவுகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை விற்கும், எந்தக் கட்டணத்திற்கு விற்கும்.

விளக்கத்திற்காக ஏற்காட்டில் 40 அறைகள் கொண்ட ஒரு விடுதியைக் கற்பித்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே. 2026ஆம் ஆண்டு மே மாதத்திற்கு 31 நாட்கள். ஆகவே விற்பனைக்கு இருப்பவை 1,240 அறை இரவுகள். இவை அனைத்தும் ஒரே மதிப்புடையவை அல்ல. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறன்று திரும்புகிறவர்கள். ஆதலால் வெள்ளி, சனி இரவுகளை ஒரு வகையாகவும் ஏனைய இரவுகளை மற்றொரு வகையாகவும் பிரிப்பது அவசியம். அந்த மே மாதத்தில் வெள்ளி ஐந்து, சனி ஐந்து, ஆகப் பத்து வாரக்கடைசி இரவுகள். மீதி 21 சாதாரண இரவுகள். வாரக்கடைசியில் நூற்றுக்கு 95 அறைகள் நிரம்பும் என்றால் 380 அறை இரவுகள். ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் 19,00,000 ரூபாய். சாதாரண நாட்களில் நூற்றுக்கு 75 நிரம்பும் என்றால் 630 அறை இரவுகள். 4,000 ரூபாய் வீதம் 25,20,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,010 அறை இரவுகளுக்கு 44,20,000 ரூபாய் அறை வருமானம்.

அதே முறையில் ஜூலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மலையின் மறுபக்கம் தெரியும். ஒன்பது வாரக்கடைசி இரவுகளில் நூற்றுக்கு 60 அறைகள் 3,000 ரூபாய்க்கும், 22 சாதாரண இரவுகளில் நூற்றுக்கு 20 அறைகள் 2,200 ரூபாய்க்கும் விற்றால், 392 அறை இரவுகளும் 10,35,200 ரூபாயுமே கிடைக்கின்றன. மே மாதத்தின் கால் பங்குக்கும் குறைவு. ஆண்டு முழுவதற்கும் அறை வருமானம் 2,40,00,000 ரூபாய் என்று கொண்டால், அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்திற்கு 20,00,000 என்று எழுதுவது எண்கணிதத்தில் சரியாக இருக்கலாம். மேயிலோ ஜூலையிலோ அவ்வெண்ணுக்கு யாதொரு பொருளும் இல்லை.

இவ்விதம் நாட்களை வகைப்படுத்தும்போது நாள்காட்டியே முதல் ஆதாரமாகிறது. 2027 மே மாதத்தில் வெள்ளிக்கிழமைகள் நான்குதான். விருந்தினர் விருப்பம் இம்மியும் மாறாவிட்டாலும் ஒரு விலையுயர்ந்த இரவு குறைந்துவிடும். தீபாவளி 2025இல் அக்டோபர் 20இல் வந்தது. 2026இல் நவம்பர் 8இல் வருகிறது. இதைக் கவனியாமல் சென்ற ஆண்டைப் பார்த்து எழுதுகிறவர் அக்டோபரில் காரணமில்லாத நஷ்டத்தையும் நவம்பரில் காரணமில்லாத லாபத்தையும் காண்பார். கர்நாடகத்துப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை நம் பள்ளிகளுக்கு முன்னதாகவே ஏப்ரலில் தொடங்கிவிடுவது வழக்கமாதலால், ஏப்ரலின் முற்பகுதியை நிர்ணயிப்பது பெரும்பாலும் பெங்களூர்க் குடும்பங்களே. மே மாதத்தில் அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் மாதக் கடைசியில் நடந்தன. ஆனால் அவ்விழாவின் தேதி ஜனவரியில் திட்டம் எழுதுகிறவர் கைக்கு எட்டுவதில்லை. அத்தகைய நாட்களை நிச்சயமான வருமானமாக எழுதாமல், தேதி தெரிந்தபின் சேர்க்கத்தக்க தனி வரியாக வைப்பதே விவேகம்.

நாள்காட்டியில் இல்லாதவையும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. முன்னது அறைகளைக் காலியாக்கக்கூடியது. பின்னது வேறு மலைக்குப் போக எண்ணியவர்களை இங்கே திருப்பக்கூடியது. இவற்றை எவரும் முன்னறிய முடியாது. ஆயினும் நடந்தபின் அவற்றின் விளைவைத் தனியே குறித்துவைக்காவிட்டால், அடுத்த ஆண்டுத் திட்டம் ஒரு புயலையோ ஓர் உத்தரவையோ இயல்பான தேவை என்று தவறாக எண்ணி எழுதப்படும்.

வருமானத்தைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மேற்கண்ட விடுதியில் விருந்தினர் சாதாரண நாளில் கொடுப்பது 4,200 ரூபாய். அதில் 200 அரசுக்குரியது. வாங்கிய பணத்தையே வருமானம் என்று எழுதினால் மே மாதத்தில் மட்டும் 2,21,000 ரூபாய் இல்லாத வருமானம் திட்டத்தில் புகுந்துவிடும். மேலும், இந்த 5 சதவீத முறையில் விடுதி தான் வாங்கும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள இயலாது. முன்பு கழிவாகக் கிடைத்த அந்த வரி இப்போது செலவாகிவிட்டது. ஆகவே சலவைக்கும் சோப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் பழைய ஆண்டின் எண்களை அப்படியே எடுத்தெழுதுவது செலவைக் குறைத்துக் காட்டும். மார்ச் மாதத்தில் வாங்கிய மே மாதத்து முன்பணமும் மார்ச்சின் வருமானமன்று. விருந்தினர் தங்கி முடிக்கும் வரையில் அது விடுதி பட்ட கடனே.

துறைவாரிச் செலவு

செலவை எவ்விதம் பிரிப்பது என்பதற்கு, நியூயார்க் நகர விடுதிச் சங்கத்தார் 1926இல் வெளியிட்ட பொதுக் கணக்கு முறை பல திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் வழிகாட்டியாக இருக்கிறது. அதன் சாரம் எளியது. அறைத்துறை, உணவுத்துறை என்று பணம் ஈட்டும் ஒவ்வொரு துறையும் தன் வருமானத்திற்கு எதிரே தன் செலவைத் தானே சுமக்க வேண்டும். அலுவலக நிர்வாகம், விளம்பரம், மின்சாரம், பராமரிப்பு ஆகியவை எந்தத் துறைக்கும் பங்கிடப்படாமல் தனியே நிற்க வேண்டும். குத்தகை, வட்டி, காப்பீடு முதலியவை அவற்றிற்கும் கீழே வரவேண்டும். ஒரு துறையின் பொறுப்பாளரிடம் அவர் கையில் உள்ளவற்றுக்கு மட்டும் கணக்குக் கேட்பதே இவ்வரிசையின் நோக்கம். வங்கி வட்டிக்காகச் சமையல் மேலாளரைக் கண்டிப்பதில் பயனில்லை அல்லவா?

ஒவ்வொரு துறைக்குள்ளும் செலவு இருவகைப்படும்: விற்றாலும் விற்காவிட்டாலும் நிற்பது ஒன்று, விற்கும் அளவோடு கூடிக் குறைவது மற்றொன்று. நம் விடுதியின் அறைத்துறையில் 12 பணியாளர்களுக்குத் தலா 18,000 ரூபாய் வீதம் 2,16,000 ரூபாய் நிலையான செலவு. விரிப்புச் சலவை, சோப்பு, குடிநீர் முதலியவற்றுக்கு, விற்ற அறை இரவு ஒன்றுக்கு 350 ரூபாய். இணைய முகவர்கள் வழியாகப் பாதி வருமானம் வருகிறதென்றும் அதற்கு அவர்கள் 18 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்களென்றும் கொண்டால், மொத்த அறை வருமானத்தில் 9 சதவீதம். மே மாதத்திற்கு இம்மூன்றும் முறையே 2,16,000, 3,53,500, 3,97,800; ஆக 9,67,300 ரூபாய். மலைக்குரிய ஒரு திருத்தமும் இதில் வேண்டும்: மூடுபனி மாதங்களில் விரிப்புகள் வெயிலில் உலர்வதில்லை. இயந்திரத்தில் உலர்த்தும் செலவும், கையிருப்பில் வைக்கவேண்டிய கூடுதல் விரிப்புகளும் அம்மாதங்களில் 350ஐ உயர்த்திவிடும்.

உணவுத்துறையில் நிலையான செலவின் சுமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அறை இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய்க்கு உணவு விற்கிறது, அதில் 36 சதவீதம் சரக்குக்குப் போகிறது, சமையலறையிலும் பரிமாறுவதிலும் உள்ள 14 பேருக்குச் சம்பளம் 2,80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மே மாதத்தில் 12,12,000 ரூபாய் விற்பனையில் 4,95,680 ரூபாய் மிஞ்சுகிறது. ஜூலையில் விற்பனை 4,70,400 ரூபாய். மிஞ்சுவது 21,056 ரூபாய் மட்டுமே. சமையற்காரர் கை அதேதான், சரக்கின் விகிதமும் அதேதான். மாறியது அறைகளின் எண்ணிக்கை ஒன்றே. இதை முன்பே எழுதிவைத்திருக்கும் நிர்வாகி, ஜூலை முடிவைக் கண்டு சமையலறையைக் குறைகூற மாட்டார். மாறாக, பணியாளர்களின் ஆண்டு விடுப்பை ஜூலையில் அமைப்பதைப் பற்றியும், உணவுப் பட்டியலைச் சுருக்குவதைப் பற்றியும் ஜனவரியிலேயே யோசிப்பார்.

தீபாவளிக்கு முன் கொடுக்கும் போனஸ், அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சொத்து வரி, ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் காப்பீடு ஆகியவை, பணம் போகும் மாதத்தின் செலவாக அல்லாமல், உரிய மாதங்களுக்குப் பகிர்ந்து எழுதப்பட வேண்டும். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அதை ஏப்ரலிலிருந்தே மாதந்தோறும் ஒதுக்காத விடுதியில் மே மாத லாபம் பெரிதாகத் தோன்றும். அக்டோபரில் அது கரைந்துபோகும். பகிர்ந்தெழுதக்கூடிய ஆண்டுச் செலவுகள் எவை, இரவுகளைப் பின்பற்றி எழுதவேண்டிய வருமானம் எது என்னும் பாகுபாட்டை மறந்துவிடுவதே பல திட்டங்கள் பழுதாவதற்குக் காரணம்.

மாதாந்தர மாறுபாட்டை வாசித்தல்

இனி மே மாதம் முடிந்து, ஜூன் முதல் வாரத்தில் கணக்கு மேசைக்கு வருகிறது. விற்றவை 960 அறை இரவுகள். அறை வருமானம் 41,70,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தவருக்கு இது 21,70,000 ரூபாய் அதிகம், அவர் ஆனந்தப்படுவார். இரவுகளை எண்ணித் திட்டமிட்டவருக்கு இது 2,50,000 ரூபாய் குறைவு; அவர் காரணம் தேடுவார். பருவத்தின் குறை ஜூன் முதல் வாரத்தில் கண்ணில் படுவதும் படாமல் போவதும் திட்டம் எழுதப்பட்ட விதத்தையே சார்ந்திருக்கிறது.

காரணம் தேடும் வழக்கமான முறை, குறைவை எண்ணிக்கையால் வந்தது, கட்டணத்தால் வந்தது என்று இரண்டாகப் பிரிப்பதாகும். திட்டத்தின் சராசரிக் கட்டணம் ஏறத்தாழ 4,376 ரூபாய். குறைந்த 50 அறை இரவுகளை அதனால் பெருக்கினால் சுமார் 2,18,800 ரூபாய். நடந்த சராசரிக் கட்டணம் 4,344 ரூபாய். அறை ஒன்றுக்குக் குறைந்த ஏறத்தாழ 32 ரூபாயை விற்ற 960 இரவுகளால் பெருக்கினால் சுமார் 31,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,50,000. இவ்வளவோடு நிறுத்துகிறவர், வரவேற்பு மேசையில் இருப்பவர் கட்டணத்தைத் தளர்த்திவிட்டார் என்று முடிவு கட்டுவார். ஆனால் வாரக்கடைசியையும் சாதாரண நாட்களையும் தனித்தனியே பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. சாதாரண நாட்களில் 630 இரவுகளும் 4,000 ரூபாய்க்கே விற்றிருக்கின்றன. வாரக்கடைசியில் 380க்குப் பதிலாக 330 இரவுகள் விற்றன; அவையும் 5,000 ரூபாய்க்கே. ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. விலையுயர்ந்த இரவுகள் குறைந்ததால் சராசரி மட்டும் தாழ்ந்தது. அன்றாடப் பதிவேட்டைப் புரட்டினால், குறைந்த 50 இரவுகளும் மே 15, 16 ஆகிய இரு இரவுகளைச் சேர்ந்தவை என்றும், அவ்விரு நாட்களிலும் இடியுடன் கூடிய கோடைமழைக்கு அஞ்சிப் பதிவுகள் ரத்தாயின என்றும் புலனாகிறது. முழு மாதத்தின் குறையும் ஒரே வாரக்கடைசியில் அடங்கிவிட்டது. கட்டணக் கொள்கையை மாற்றவேண்டியதில்லை. கடைசி நேரத்து ரத்துக்கு முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்ற விதியையே பரிசீலிக்க வேண்டும்.

செலவின் மாறுபாடு இதைவிட நுட்பமானது. அறைத்துறையின் செலவு 9,60,000 ரூபாய், திட்டத்தில் 9,67,300. மேலெழுந்தவாரியாக 7,300 ரூபாய் மிச்சம். ஆனால் திட்டம் 1,010 இரவுகளுக்கு எழுதப்பட்டது; விற்றவையோ 960. விற்ற அளவுக்குத் திட்டத்தைத் திருத்திக் கணக்கிட்டால், சம்பளம் 2,16,000, சலவை முதலியவை 3,36,000, கமிஷன் 3,75,300, ஆக 9,27,300 ரூபாய்தான் செலவாகியிருக்க வேண்டும். எனவே நடந்திருப்பது மிச்சமன்று, 32,700 ரூபாய் மிகை. சம்பளமும் சலவையும் கணக்கின்படியே இருக்க, கமிஷன் மட்டும் 4,08,000 ரூபாயாக நிற்கிறது. அதன் பொருள், முகவர் வழி வருமானம் பாதியிலிருந்து நூற்றுக்கு 54க்குச் சற்று மேலாக உயர்ந்துவிட்டது என்பதே. தொலைபேசியில் நேரே விசாரித்தவர்களுக்கு விடை சொல்ல, மிகுந்த கூட்டத்தில் ஆள் இல்லாமற்போயிற்றா என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

உணவுத்துறையில் பலரும் தடுமாறுமிடம், வாங்கியதைச் செலவென்று கொள்வது. மாதத் தொடக்கத்து இருப்பு 60,000, வாங்கியது 4,90,000, மாதக் கடைசியில் ஸ்டோரில் எண்ணிப் பார்த்த இருப்பு 1,10,000, ஆகவே செலவழிந்த சரக்கு 4,40,000 ரூபாய். விற்பனை 11,52,000 ரூபாய்க்கு 36 சதவீதம் 4,14,720; மிகை 25,280 ரூபாய். இதைத் திருட்டு என்றோ விரயம் என்றோ சொல்லுமுன், பருவத்திற்காக அமர்த்திய தற்காலிகப் பணியாளர் உண்ட உணவு சரக்குக் கணக்கிலேயே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சம்பளத் தலைப்பின்கீழ் மாற்றியபின்னும் மிகை நின்றால், அப்போதுதான் அளவுகளையும் கொள்முதல் விலைகளையும் சோதிப்பது நியாயமாகும்.

எல்லா வேறுபாட்டையும் இவ்வளவு தூரம் துருவவேண்டியதில்லை. திட்டத்தில் 5 சதவீதத்துக்கும் 20,000 ரூபாய்க்கும் மேற்பட்டவற்றுக்கு மட்டும் விளக்கம் எழுதுவது என்பது போல ஓர் எல்லையை ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணில் தோன்றாதவை இரண்டு உண்டு. அறை நிரம்பியபின் இல்லையென்று திருப்பியனுப்பிய விசாரணைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றை ஒரு நோட்டில் குறித்தாலன்றி, அந்த இரவுக்கு 5,000 ரூபாய் குறைந்த கட்டணமா என்பது என்றும் தெரியாது. ஈரமேறிய சுவரைப் பூசாமல் தள்ளிப்போட்ட மாதம் பராமரிப்பில் சாதகமான மாறுபாட்டைக் காட்டும். அது சேமிப்பன்று, அடுத்த கோடைக்கு முன் திருப்பித் தரவேண்டிய கடன்.

இடையில் நிலைமை மாறினால் மூலத் திட்டத்தைத் திருத்தலாகாது. அதை அப்படியே வைத்து, மீதி மாதங்களுக்குப் புதிய மதிப்பீட்டை அதன் அருகே எழுத வேண்டும். அளவுகோலையே வளைத்துவிட்டால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆண்டு முடிவில் அத்திட்டத்தின் ஓரங்களில் எழுதப்பட்ட காரணங்களே மிகவும் விலையுயர்ந்த பகுதி. மே 15, 16 என்ற தேதிகளுக்கு எதிரே ‘மழை, 50 இரவுகள் ரத்து’ என்று எழுதியிருந்தால், வரும் ஜனவரியில் அமர்கிறவர் 330 என்ற எண்ணை அடிப்படையாகக் கொள்ளமாட்டார், 380இலிருந்து தொடங்கி, 2027 மேயில் ஒரு வெள்ளி குறைவதைக் கழித்து 342 என்று எழுதுவார். அக்குறிப்பு இல்லாத விடுதியில், இரு நாள் பெய்த மழை அடுத்த ஆண்டுத் திட்டத்திலும் பெய்துகொண்டே இருக்கும்.